புக்கிங் சேவை எடுத்திருக்கும் கெஸ்ட் ஹவுஸ்காரர்களே, சேவை தரும் கம்பனி போடும் கோளாறு அறிவித்தலைக் கொஞ்சம் பாருங்கள்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ரூம் விடுபவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள். ரூம் புக்கிங், கார்ட் கட்டணம் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று ஒரு மென்பொருள் கம்பனிக்கு மாதாமாதம் காசு கட்டி வருகிறோம். பெயர் வேண்டாம். சேவை விழுந்ததற்கு நான் சண்டை பிடிக்க வரவில்லை, எதுவும் ஒருநாள் விழத்தான் செய்யும். விழுந்த நேரத்தில் அவர்கள் போட்ட அறிவித்தல்தான் எங்களை நடுத்தெருவில் விட்டது.

சீசன் நேரம், போயா லீவோடு சேர்ந்த வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் ஒரு புக்கிங்கும் வரவில்லை. அவர்களுடைய பக்கத்தைத் திறந்தால் இதுதான் இருந்தது: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில வாடிக்கையாளர்கள் அசௌகரியத்தை எதிர்நோக்கலாம். சேவை விரைவில் வழமைக்குத் திரும்பும். ETA 14:00."

ETA என்றால் சரியாகும் என்று எதிர்பார்க்கும் நேரம். அதற்குத் திகதி இல்லை, எந்த நாட்டு நேரம் என்றும் இல்லை. பின்னேரம் ஐந்தரைக்கு 14:00 என்று பார்த்தால் நாளை மதியம் 2 மணி என்றுதானே யாரும் எடுப்பார்கள்? அதோடு கீழே "2 நிமிடத்துக்கு முன் புதுப்பிக்கப்பட்டது" என்று வேறு போட்டிருந்தது. எப்போது திறந்தாலும் அதே இரண்டு நிமிடம்தான். பக்கம் திறந்த நேரத்தை அது தானாகக் காட்டுகிறது, அறிவித்தலை யாரும் தொடவே இல்லை.

சரி, இன்றைக்கு இனி ஓன்லைன் புக்கிங் வராது என்று நினைத்து, நேரில் வந்து கேட்ட ஒரு குடும்பத்துக்கு ஏழு மணிபோல கடைசி ரூமைக் கொடுத்து, காசை வாங்கிக் கொப்பியில் எழுதிவிட்டோம். ஏழரைக்கு எல்லாம் திரும்பி வந்தது, தேங்கிக் கிடந்த புக்கிங்குகள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன, அதில் ஒன்று அதே ரூமுக்கு. கண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் ஹபரணையில் நிறுத்தி கார்டில் கட்டியிருக்கிறார்கள், உறுதி மெசேஜ் வரவில்லை என்று மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறார்கள், கையில் தூங்குகிற பிள்ளை, போனில் பணம் கழிந்த இரண்டு எஸ்எம்எஸ். அந்த மனுசனுக்கு நான் என்ன சொல்ல?

கம்பனிக்குக் கோல் எடுத்தால் அங்கே இருந்த தம்பி சொல்கிறார், "அண்ணா, ETA போட்டிருந்தோமே, அது UTC." UTC என்பது உலகப் பொது நேரம், அதில் 14:00 என்றால் இலங்கையில் இரவு 7.30. அவர்கள் சொன்ன நேரத்துக்கே சேவை வந்திருக்கிறது, எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

அவர்கள் போட்டிருக்க வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"வெள்ளி, இலங்கை நேரம் மாலை 5.30. இன்று மாலை 4.50 முதல் புதிய புக்கிங்குகள் விடுதிகளுக்கு வந்து சேரவில்லை. கார்டில் பணம் கழிகிறது, ஆனால் உறுதி மெசேஜ் போகவில்லை. ஒருமுறை கட்டியவர்கள் மறுபடி கட்ட வேண்டாம். பழைய புக்கிங்குகளைப் பார்க்கலாம். விடுதிக்காரர்கள் இன்றிரவு ரூமை நேரில் வருபவர்களுக்குக் கொடுக்கும் முன் எங்களுக்கு அழையுங்கள், தேங்கியிருப்பதைப் பார்த்துச் சொல்கிறோம். காரணம் இன்னும் பிடிபடவில்லை, அதனால் எப்போது சரியாகும் என்று இப்போது சொல்ல முடியாது. அடுத்த தகவல் 6.00 மணிக்கு."

கடைசி வரிதான் எனக்கு முக்கியம். காரணம் தெரியாமல் ஒரு நேரத்தைச் சொன்னால் அது வெறும் ஊகம். ஆனால் அடுத்து எப்போது பேசுவோம் என்பதைச் சொல்லவும் காப்பாற்றவும் அவர்களால் முடியும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு வந்து "இன்னும் தேடுகிறோம், அடுத்தது 6.30" என்று எழுதினால் போதும். காரணம் பிடிபட்ட பிறகு "7.15க்கும் 8.00க்கும் இடையில்" என்று இடைவெளியாகச் சொல்லலாம். அது தள்ளிப்போனால் 8.00 ஆகும் முன்பே சொல்ல வேண்டும், ஆன பிறகு இல்லை.

இன்னொன்று, ஏழரைக்கு "சரிசெய்யப்பட்டது" என்று பச்சையாக்கிவிட்டார்கள். தேங்கிய புக்கிங்குகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன. சேவை வந்துவிட்டது, பழையவை இன்னும் வந்து முடியவில்லை, காலி ரூம் கணக்கை இப்போதைக்கு நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தால் அந்த இரவு இன்னும் சில பேர் தப்பியிருப்பார்கள்.

புதிதாக யாரிடமாவது சேர முன், கடைசியாகச் சேவை விழுந்தபோது வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிவித்தல்களை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அந்த அறிவித்தல் பக்கம் எங்கே ஓடுகிறது என்றும் கேளுங்கள். சேவை ஓடும் அதே சேவரில் என்றால், அது விழும்போது இதுவும் சேர்ந்து விழும். கண்டிக் குடும்பத்தின் இரண்டாவது கட்டணம் இன்னும் திரும்பவில்லை. வங்கி கம்பனியைக் காட்டுகிறது, கம்பனி வங்கியைக் காட்டுகிறது.