ட்ரோன் பவர் வயர்: சால்டரா, கிரிம்பா, எந்த கனெக்டர்?

சுமார் 4 கிலோ எடை, 6எஸ் லிப்போ பேட்டரி, 13 அங்குல புரொப்பெல்லர் உள்ள ஒரு சர்வே குவாட் என்று வைத்துக்கொள்வோம். நின்று பறக்கும்போது 30 ஆம்பியர் அளவில் இழுக்கும். வேகமாக ஏறும்போது 60 வரை போகும். இந்த மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து வரும் ஒரே ஜோடி 12 கேஜ் சிலிக்கான் வயர் வழியாகத்தான் வருகிறது. மோட்டார் நான்கு இருக்கலாம், ஆனால் இந்த வயருக்கு மாற்று கிடையாது. இது அறுந்தால் ஃப்ளைட் கண்ட்ரோலருக்கும் சேர்த்தே மின்சாரம் போய்விடும்.

சால்டரா கிரிம்பா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது மின்தடையை. ஒழுங்காகச் செய்தால் இரண்டுமே ஒரு மில்லிஓமுக்கும் கீழேதான் இருக்கும், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதிர்வில் தெரியும். மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 அதிர்வு. 20 நிமிடப் பறப்பு ஒன்றிலேயே வயர் 1,20,000 முறை நடுங்குகிறது. வயர் அறுவது சால்டர் கட்டிக்குள் அல்ல. விறைப்பான பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் அந்த எல்லையில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன.

சால்டரின் பலவீனம் இங்கேதான். உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஊறி, உறைக்குள் மேலேறும். வெளியே பார்த்தால் தெரியாது. விரலால் வளைத்தால் கனெக்டருக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் குச்சி மாதிரி நிற்கும். இதற்கு முக்கியக் காரணம், பலர் நினைப்பதுபோல் அதிகச் சூடு அல்ல, சூடு போதாததுதான். 25 வாட் ஊசிமுனை அயனை வைத்து அரை நிமிடம் போராடினால், கனெக்டரின் பின்பக்கக் கிண்ணம் சூடாவதற்குள் ஈயம் வயருக்குள் ஏறிவிடும், உறையும் சுருங்கும். 60 வாட்டுக்கு மேற்பட்ட அயன், அகலமான உளிமுனை, 380 முதல் 400 டிகிரி, ஈயம் கலந்த 63/37 சால்டர் என்று வைத்துக்கொண்டால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். உறைக்கு ஒட்டினாற்போல் இடுக்கியால் வயரைப் பிடித்தால் சூட்டை அது இழுத்துக்கொள்ளும், ஈயமும் அங்கேயே நிற்கும். ஜோடி கனெக்டரையும் மாட்டிவைத்தபடி சால்டர் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இளகி ஊசிகள் கோணலாகிவிடும்.

கிரிம்பில் ஈயம் ஏறும் பேச்சே இல்லை, அதனால் அதிர்வுக்கு அது கூடுதல் பொருத்தம். விமானங்களின் வயரிங்கில் கிரிம்ப் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த நன்மை கிடைக்க, வயரை நுழைக்கும் பேரலுக்கும் வயர் அளவுக்கும் பொருந்தும் டை உள்ள ராட்செட் கருவி வேண்டும். சாதாரணக் குறடால் நசுக்கினால் நடுவில் காற்று இடைவெளி தங்கிவிடும், அதில் ஆக்சைடு படியும், தடை மெல்ல ஏறும். ஒரு மாதிரியைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: இழைகள் நெருங்கித் தேன்கூடு மாதிரி அறுகோணமாக நசுங்கியிருந்தால் சரி, நடுவில் கறுப்பு ஓட்டை தெரிந்தால் சரியில்லை. இன்னொன்று, நுனியில் சால்டர் ஏற்றிய வயரைக் கிரிம்ப் செய்யவே கூடாது. அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் வழிந்து விலகி, பிடி தளர்ந்துவிடும்.

இந்த விவாதத்தைப் பெரும்பாலும் கனெக்டரே முடித்துவிடுகிறது. எக்ஸ்டி வகைகளின் பின்பக்கம் இருப்பது சால்டர் கிண்ணம், கிரிம்ப் பேரல் அல்ல. அதை நசுக்கினால் விரிசல் விடும். ஆகவே எக்ஸ்டி என்றால் சால்டர்தான். போல்ட் போட்டு முறுக்கும் வளைய லக் என்றால் கிரிம்ப்தான். ஆண்டர்சன் பவர்போல் அருமையான கிரிம்ப் கனெக்டர், தரையில் வைக்கும் சார்ஜிங் பெட்டிக்கு அதைத் தயங்காமல் போடலாம். ட்ரோனில் நான் போடமாட்டேன், ஏனென்றால் தனிப் பூட்டு இல்லாவிட்டால் வயர் ஆடும்போது ஜோடியும் சேர்ந்து ஆடும்.

எக்ஸ்டி60 பெயரில் 60 இருந்தாலும், தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்துக்குத் தயாரிப்பாளர் தரும் அளவு அதில் பாதிதான். நம் குவாட்டுக்கு நின்று பறக்கும்போதே 30 ஆம்பியர் என்பதால் அது விளிம்பில் நிற்கிறது. இங்கே என் தேர்வு எக்ஸ்டி90-எஸ். கொஞ்சம் கனம் கூடும், ஆனால் அதற்குள் இருக்கும் ஸ்பார்க் தடுப்பு ரெசிஸ்டருக்காகவே அதை வாங்கலாம். முழுதாகச் சார்ஜ் ஆன 6எஸ் பேட்டரி 25.2 வோல்ட். மாட்டும்போதெல்லாம் வரும் பொறி ஊசி நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, தொடுமிடத்தின் தடையை ஏற்றிவிடும். சின்ன 5 அங்குல ட்ரோனுக்கு எக்ஸ்டி60 தாராளமாகப் போதும்.

இத்தனை கவனமும் வீணாகாமல் இருக்க, வயரை எங்கே பிடித்துவைக்கிறீர்கள் என்பது முக்கியம். கனெக்டர் தொங்கிக்கொண்டு ஆடினால் அதன் எடை முழுவதும் விறைப்பு முடியும் அந்த எல்லையில்தான் விழும். சட்டத்தில் திருகிப் பொருத்தும் வகைதான் மிகச் சிறந்த வழி: பேட்டரியைக் கழற்ற இழுக்கும் விசையைச் சட்டம் வாங்கிக்கொள்ளும், வயருக்குப் போகாது. அது முடியாவிட்டால் கனெக்டருக்குப் பின்னால் 2, 3 சென்டிமீட்டரில் வயரைச் சட்டத்தோடு கட்டுங்கள். கனெக்டரும் கட்டும் ஒரே தகட்டில் இருக்கட்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்தே அதிரும். கட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஜிப் டையை நேரடியாகச் சிலிக்கான் உறைமேல் இறுக்கினால் வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அடியில் இரண்டு சுற்று துணி டேப் போடுங்கள், அல்லது டிபியுவில் அச்சடித்த கவ்வி வையுங்கள். கார்பன் தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும், அதோடு கார்பன் மின்சாரம் கடத்தும். அங்கே உறை அறுந்தால் ஷார்ட்தான்.

பசை உள்ள ஹீட் ஷ்ரிங்கை இரண்டு அடுக்காக, வெவ்வேறு நீளத்தில் போடுவது எனக்குப் பிடித்த முறை. உள் அடுக்கு கிண்ணத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர், வெளி அடுக்கு அதில் பாதி. விறைப்பு படிப்படியாகக் குறைவதால் வளைவு ஒரே புள்ளியில் சேராது. சிலிக்கான் பசை தடவுவதானால் வினிகர் வாசம் அடிக்காத வகையாகப் பாருங்கள். அந்த வாசம் வருவது அசிட்டிக் அமிலத்தால், அது செம்பை அரிக்கும்.

கெட்டுப்போகும் இணைப்பு முன்கூட்டியே சொல்லிவிடும். 5 மில்லிஓம் ஆகிவிட்ட இணைப்பு 30 ஆம்பியரில் 4.5 வாட் சூடாகும், 60 ஆம்பியரில் 18 வாட். தரையிறங்கியதும் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதைச் சந்தேகியுங்கள். ஆர்டுபைலட் லாகில் அதே பேட்டரியின் பழைய பறப்போடு `BAT.Volt`, `BAT.Curr` இரண்டையும் ஒப்பிடலாம். ஒரே மின்னோட்டத்தில் வோல்டேஜ் முன்பைவிட ஆழமாக இறங்கினால், பேட்டரி அல்லது கனெக்டர், இரண்டில் ஒன்று காரணம். வேறு நல்ல பேட்டரியிலும் அப்படியே இறங்கினால் ட்ரோன் பக்கத்துக் கனெக்டரைப் பாருங்கள். பவர் மாட்யூலுக்கு அப்பால், ஈஎஸ்சி பக்கம் உள்ள பழுது இந்த எண்களில் வராது, அதை விரலால்தான் தேட வேண்டும்.

சந்தேகம் வந்த இணைப்பை அயன் வைத்து மறுபடி உருக்காதீர்கள். அறுந்த இழைகள் அதனால் சேராது, ஈயம் இன்னும் மேலே ஏறும். விறைத்த பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, புது வயரில் புதுக் கனெக்டர் போடுங்கள். இதற்காகவே முதலில் வயரிங் செய்யும்போது 4, 5 சென்டிமீட்டர் கூடுதல் நீளம் விட்டுவைப்பது நல்லது.