அப்பாவின் பில்லில் என் கணக்கு

லண்டனிலிருந்து மூன்று வார விடுமுறையில் போயிருந்தேன். கல்யாணம், பத்திரப் பதிவு, பல் வைத்தியம் எல்லாம் ஒழுங்காக நடந்ததால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது அப்பாவின் போன் பில்தான்.

வங்கி ஓடிபிக்காக நாம் எல்லோரும் ஓர் இந்திய எண்ணைக் காப்பாற்றி வைத்திருப்போம் இல்லையா? என்னுடையது அப்பாவின் போஸ்ட்பெய்டு கணக்கில் இரண்டாவது இணைப்பாக ஓடுகிறது. பில் அவருக்குப் போகும், அவர் கட்டிவிடுவார். நான் இறங்கிய மறுநாள் காலையிலேயே, "வழக்கத்தைவிட ₹342.20 கூட வந்திருக்கு, கேட்டா சரியாத்தான் இருக்குங்கிறான்" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. பிரிட்டனில் போன் பில்லுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2018 முதல் சட்டம் இருக்கிறது. ஒரு பெரியவரைப் போய் ஏமாற்றுகிறார்களே என்று அவரையும் கூட்டிக்கொண்டு சேவை மையத்துக்குக் கிளம்பினேன்.

அந்தக் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் பில் கட்ட நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. இப்போது டோக்கன், ஏசி, சோபா எல்லாம் உண்டு. காத்திருப்பு மட்டும் மாறவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கவுன்டரில் இருந்த பெண் பில்லின் முதல் பக்கத்தைக் காட்டி, "டோட்டல் கரெக்ட்தான் சார்" என்றார். முதல் பக்கத்தில் எல்லாமே கரெக்டாகத்தான் இருக்கும். ஐட்டமைஸ்டு பில் வேண்டும் என்று அழுத்திக் கேட்டபின் பதினொரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்.

அங்கேயே சோபாவில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். முதல் குழப்பம் வரி. ₹342.20 என்ற தொகையை உள்ளே எத்தனை தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் விவரப் பக்கங்களில் ஜிஎஸ்டி சேர்க்காத விலைதான் இருக்கும். 1.18 ஆல் வகுத்தால் ₹290. இனி தேட வேண்டியது அந்த 290 ரூபாயை.

அப்பாவின் எண்ணில் அழைப்புகள் பக்கம் பக்கமாக இருந்தன. எல்லாம் பிளானுக்குள் அடங்குபவை, தொகைக் கட்டத்தில் 0.00. அவற்றைப் படிப்பது வீண். தொகைக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக விரலால் ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைசிப் பக்கத்தில் 'VAS', அதாவது பிளானுக்கு வெளியே தனிக் காசு பிடிக்கும் கூடுதல் சேவைகள் என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரிகள். ஒன்று காலர் ட்யூன், ₹30. மற்ற நான்கும் ஏதோ ஜோதிடச் சேவை, தலைக்கு ₹20. அழைப்பு என்றால் எதிர்முனை எண்ணும் பேசிய நேரமும் இருக்கும், நாமே அனுப்பிய பிரீமியம் மெசேஜ் என்றால் ஐந்தாறு இலக்கக் குறுகிய எண்ணாவது இருக்கும். இந்த நான்கு வரிகளில் எண்ணும் இல்லை, நேர அளவும் இல்லை. தேதிகள் 3, 10, 17, 24. நான்குமே அதிகாலை 2:14.

மனிதர் யாரும் ஏழு நாளுக்கு ஒருமுறை அதே நிமிடத்தில் ஜோதிடம் கேட்க மாட்டார். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவின் கைரேகை இது. அப்பாவிடம் கேட்டால், "நான் எதையும் கேக்கல. போன்ல திடீர்னு ஒரு பெட்டி வரும், ஓகே அழுத்தினாத்தான் போகும். அழுத்துவேன், இன்னொண்ணு வரும், அதையும் அழுத்துவேன்" என்றார். சந்தாதாரர் இரண்டு முறை சம்மதித்தால்தான் இத்தகைய சேவையைத் தொடங்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே உத்தரவு போட்டது. அப்பா இரண்டு முறையும் சம்மதித்திருக்கிறார், பெட்டியை விரட்டுவதற்காக! அவருடைய இன்பாக்ஸில் உறுதிப்படுத்தும் மெசேஜும் இருந்தது, படிக்காத நூற்றுக்கணக்கானவற்றுக்கு நடுவே.

அங்கேயே 155223-ஐ அழைத்தோம். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான, கட்டணமில்லாத எண் அது. சேவையை நிறுத்திவிட்டார்கள். தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் திரும்பும்; நாங்கள் போனது வாரங்கள் கழித்து. 80 ரூபாய் போனது போனதுதான்.

காலர் ட்யூனை நிறுத்தப் போனபோது அப்பா கையைப் பிடித்துவிட்டார். யாரையோ கூப்பிட்டபோது கேட்ட பாட்டு, ஸ்டார் அழுத்தினால் நமக்கும் வரும் என்று சொன்னதாம், தெரிந்தேதான் அழுத்தினாராம். "அது இருக்கட்டும்டா." சரி, 30 ரூபாய் நியாயமான செலவு.

ஆக 110 ஆயிற்று. மீதி 180 எங்கே? இன்னும் பெரிய திருட்டைப் பிடிக்கப் போகிற உற்சாகத்தில் பக்கத்தைப் புரட்டினால் வந்தது என் எண். சர்வதேச ரோமிங், வெளிச்செல்லும் எஸ்எம்எஸ், பன்னிரண்டு, ஒவ்வொன்றும் ₹15.

நான் அந்த எண்ணிலிருந்து யாருக்கும் மெசேஜ் அனுப்பியதே இல்லை. கவுன்டருக்குத் திரும்பிப் போய்க் குரலை உயர்த்தினேன். அந்தப் பெண் தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஐபோனா சார்?" என்றார்.

எட்டு வரிகள் ஒரே +44 எண்ணுக்கு, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, இரண்டிரண்டாக. லண்டனில் அந்த சிம்மை அணைத்தே வைத்திருப்பேன், ஞாயிறு மட்டும் வங்கி வேலைக்காகப் போடுவேன். போட்டவுடன் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் எண்ணைச் சரிபார்க்க ஓசையில்லாமல் எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. நம் மெசேஜ் பட்டியலில் அது தெரியாது, பில்லில் மட்டும்தான் தெரியும். கட்டணம் ஆகலாம் என்று திரையில் எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. நானும் ஓகே அழுத்தியிருக்கிறேன், அப்பாவைப் போலவே. மற்ற நான்கும் ஒரே மாலையில், ஐந்து நிமிடத்துக்குள், ஓர் இந்திய எண்ணுக்குப் போனவை. புது போனில் யுபிஐ செயலியைப் பதிவு செய்த நாள் அது. சிம் நம்முடையதுதானா என்று உறுதிசெய்ய அந்தச் செயலி சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். மூன்று முறை தோற்று நான்காவதில் ஒத்துக்கொண்டது. தோற்றதற்கும் காசு உண்டு.

கட்டணமில்லாமல் ஓடிபி வாங்கியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வருகிற எஸ்எம்எஸ் இலவசம் என்பது உண்மை, போனது பற்றி நான் கேட்கவே இல்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை, டோக்கன் காகிதத்தை மட்டும் நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

திரும்பி வந்ததும் சிம்மைப் போடுமுன் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைத்துவிட்டேன். யுபிஐ பதிவு இனி ஊரில் இருக்கும்போது மட்டும். அப்படியும் அடுத்த பில்லில் +44 வரிகள் இரண்டு இருந்தன; அப்பா வட்டம் போட்டுப் படம் அனுப்பியிருந்தார். வெளிநாட்டு நிறுவனத்தின் ரோமிங் கணக்கு தாமதமாக வந்து சேரும், அடுத்த மாத பில்லில் ஏறும், தேதி நான் ஊருக்கு வருவதற்கு முந்தையதா பாருங்கள் என்று எழுதினேன்.

"பாத்துட்டுத்தான் வட்டம் போட்டேன். 35 ரூபா 40 பைசா, வரியோட. உன் கணக்கு" என்று பதில் வந்தது.