டைட்டானிக்கா, பஸ் டைமா? முதல் ப்ராஜெக்ட்டுக்கு எது

தம்பி தங்கச்சிகளா, டேட்டா கிளப் இன்னைக்கு ஆரம்பிக்குது, ஃபர்ஸ்ட் இயர் பசங்க பாதிப்பேர் கேக்குறது இதான்: Kaggle சைட்ல இருக்குற டைட்டானிக் கப்பல் பயணிகள் டேட்டாவ எடுக்கவா, இல்ல பஸ் ஸ்டாப்புக்கு வர்ற நேரத்த குறிச்சு நாமளே டேட்டா சேக்கவா?

நேரம்: டைட்டானிக் train.csv-ல 891 வரி ரெடியா இருக்கு, இன்னைக்கு ராத்திரியே தொடங்கலாம். பஸ் டைம்னா ரெண்டு வாரம் தினமும் ஸ்டாப்ல நின்னு குறிக்கணும்.

சிக்கல்: டைட்டானிக்ல 177 பேருக்கு வயசு இல்ல, அத என்ன பண்றதுன்னு முடிவெடுக்கப் பழகலாம். ஆனா சொந்தமா சேக்கும்போது வர்ற தப்பு வேற மாதிரி. எக்செல்ல 8.50, 9.10னு புள்ளி வெச்சு அடிச்சுட்டு சராசரி எடுத்தா 8.80 வரும், அப்படி ஒரு மணியே கிடையாதுல்ல, அது நேரம்னு எக்செலுக்குத் தெரியாது, வெறும் நம்பர்னு கூட்டி வகுத்துடுது. 8:50, 9:10னு அடிச்சா சரியா 9:00 வரும். இத ஒரு தடவ நீங்களே மாட்டிக்கிட்டு கண்டுபிடிச்சா அப்புறம் மறக்கவே மாட்டீங்க.

கோடிங் பழகணும்னா டைட்டானிக் போதும். டேட்டா எப்படி கெட்டுப்போகுதுன்னு தெரியணும்னா பஸ் டைம்தான், என் ஓட்டு அதுக்கே, நாளைக்கு காலைலயே ஒரு நோட்டோட ஸ்டாப்புக்கு வாங்க.