916 நகையா, 750 நகையா?

நகையின் உள்பக்கம் பொடியாகப் பதித்திருக்கும் எண், ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பதைச் சொல்கிறது. 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18 காரட்.

பண்டிகைக்கு 8 கிராமில் நகை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 916-இல் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம் இருக்கும். 750-இல் 6 கிராம்தான். மீதி செம்பு, வெள்ளி போன்றவை.

அதற்காக 750 மட்டம் என்று நினைக்க வேண்டாம். உறுதி தருவதே அந்தக் கலப்புதான். கல் பதித்த மோதிரத்துக்கு நான் அதையே சொல்வேன். 916-இல் கல்லைப் பிடிக்கும் கொக்கி எளிதில் வளைந்துவிடும். கல் இல்லாத சங்கிலி, வளையல் என்றால் 916 எடுங்கள்.

அப்புறம், பில்லில் 750 நகைக்கு 18 காரட் விலைதான் போட்டிருக்கிறதா, கல்லின் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். முத்திரை எண் கல்லைப் பற்றி எதுவும் சொல்லாது.