கார்ட்டில் நின்றுபோன புடவை: மூன்று நினைவூட்டல்களில் எது?

ஒருவர் கடுகு மஞ்சளில் நீலக் கரை போட்ட கைத்தறிப் புடவையை கார்ட்டில் போடுகிறார். முகவரியும் நிரப்பிவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் நின்றுவிடுகிறார். இரண்டு பேர் நடத்தும் சின்ன ஆன்லைன் கடை அவருக்கு என்ன எழுதலாம்?

“சீக்கிரம்! உங்கள் புடவை தீரப்போகிறது!” என்பது முதல் வகை. கைத்தறியில் ஒரு நிறத்தில் ஒரே புடவை இருப்பது சகஜம்தான். அது உண்மையென்றால் “இந்த நிறத்தில் ஒன்றுதான் இருக்கிறது” என்று சாதாரணமாகச் சொன்னாலே போதும். பொய்யாக இருந்தால், அடுத்த வாரமும் அதே புடவை தளத்தில் தொங்குவதை அவர் பார்த்துவிடுவார்.

இரண்டாவது, தள்ளுபடி கூப்பன். உடனே பலன் தருவது பெரும்பாலும் இதுதான். ஆனால் ஒருமுறை வாங்கியவர் அடுத்த தடவை வேண்டுமென்றே கார்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். கூப்பனில் வாங்கியவர்களின் பெயர்களைப் பாருங்கள். அவர்களே திரும்பத் திரும்ப வந்தால், பழக்கிவிட்டது நீங்கள்தான்.

மூன்றாவது இப்படி இருக்கும்:

“வணக்கம். நீங்கள் எடுத்துவைத்த கடுகு மஞ்சள் புடவை கார்ட்டில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் இதோ; போனில் தெரிவதைவிட நிறம் கொஞ்சம் அடர்த்தி. பிளவுஸ் துணி சேர்ந்தே வரும். ஏதாவது கேட்க வேண்டுமா? இதிலேயே பதில் போடுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், மறுபடி நினைவூட்ட மாட்டோம்.”

நான் இதைத்தான் அனுப்புவேன். புடவையைத் தொட்டுப் பார்க்க முடியாதவருக்குத் தயக்கம் விலையில் மட்டும் இருப்பதில்லை. நிறம் இதுதானா, பிளவுஸ் துணி உண்டா, விசேஷத்துக்குள் வந்து சேருமா என்பதிலும் இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் தளம் வழியாக அனுப்பினால் ஒரு நிபந்தனையும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. கார்ட் நினைவூட்டலை அது மார்க்கெட்டிங் செய்தியாக எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளரின் சம்மதமும், வாட்ஸ்அப்பிடம் முன்னரே ஒப்புதல் பெற்ற செய்தி மாதிரியான டெம்ப்ளேட்டும் வேண்டும். ஆனால் அவர் பதில் போட்டுவிட்டால் 24 மணி நேரம் டெம்ப்ளேட் இல்லாமலே பேசலாம். கேள்வியில் முடியும் செய்திக்குத்தான் பதில் வரும், “சீக்கிரம்!” என்பதற்கு யார் பதில் போடுவார்கள்?

ஆனால் நம் வாடிக்கையாளர் நின்றது பணம் கட்டும் பக்கத்தில். அதனால் எதையும் அனுப்புமுன் பேமென்ட் கணக்கில் தோல்வியடைந்த முயற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மூன்றாவது செய்தியும் தவறுதான். பணம் போய்விட்டதோ என்று பதறிக்கொண்டிருப்பவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசக்கூடாது. “பணம் எங்களுக்கு வந்து சேரவில்லை. உங்கள் கணக்கில் கழிந்திருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறோம்” என்று உடனே எழுத வேண்டும்.

தோல்வி இல்லையென்றால் மூன்று நான்கு மணி நேரம் விட்டு, பகலில், ஒரே ஒரு முறை அனுப்பலாம். அனுப்பும் நிமிடத்தில் அந்தப் புடவை இன்னும் விற்காமல் இருக்கிறதா, அவரே வேறு எண்ணிலிருந்து வாங்கிவிட்டாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைக்கு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு கார்ட்தான் நிற்கும். அதில் சதவீதக் கணக்கு போட்டு ஏமாறுவதைவிட, வந்த பதில்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். “பிளவுஸ் துணி எவ்வளவு நீளம்?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டால், அந்த விவரம் புடவைப் பக்கத்திலேயே இல்லை என்றுதான் அர்த்தம்.