12 அடித் தெருவில் ஒரு மொட்டை மாடி வீடு: பிளெண்டரில் ஆறு ஆண்டுகள்

குன்னூரில் கட்டட வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். 2019இல் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் 2.80 பதிப்பு வெளிவந்தபோது அதைக் கற்கத் தொடங்கி, அன்றிலிருந்து வீட்டு முகப்புகளின் ரெண்டர் படங்களை அதிலேயே செய்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை வீடுகள்: சரிவில் நெருங்கி நிற்கும் தெருவில், இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி, மேலே மொட்டை மாடியும் முன்னால் முழு உயரக் கிரில் போட்ட பால்கனியும் கீழே மூன்றடி வாசலும் கொண்டவை. தோட்டம் சூழ்ந்த பங்களாவைக் காட்டுவதைவிட இத்தகைய வீட்டை உள்ளபடி காட்டுவது கடினம் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். எதிர் வீட்டை மாடலில் வைக்காமல் விட்டுவிட்டு, கேமராவை நாற்பதடி பின்னால் நிறுத்தி, இயல்பாக அமைந்திருக்கும் 50 மி.மீ. லென்ஸிலேயே படம் எடுப்பேன். படம் அழகாக வரும், வீட்டுக்காரரும் மகிழ்வார். அப்படி ஒரு படத்தைப் பார்த்த ஒருவர், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நான் காட்டியிருந்த கல் பதிப்பை அப்படியே செலவு செய்து பதித்தார். வீடு முடிந்ததும் என்னை வாசலுக்கு அழைத்துப்போய், “தம்பி, அந்தக் கல்லை இங்கிருந்து காட்டுங்கள், பார்க்கலாம்” என்றார். தெருவில் எங்கு நின்று அண்ணாந்து பார்த்தாலும் அது தெரியவில்லை.

காரணம் எளிய கணக்குதான். தெருவின் அகலம் 12 அடி. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நிற்பவரின் கண் வீட்டுச் சுவரிலிருந்து 11 அடி தள்ளி, தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கும். மொட்டை மாடித் தளம் பால்கனியையும் மூடும்படி மூன்றடி வெளியே நீண்டிருப்பதால், அதன் விளிம்பு கண்ணிலிருந்து 8 அடி தூரத்தில், கண் மட்டத்துக்கு 17 அடி மேலே நிற்கிறது. அந்த விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வை, சுவரை எட்டும்போது கண் மட்டத்திலிருந்து 23 அடிக்கும் மேலே போய்விடும். சுவர் வரிசையிலேயே உள்ளே தள்ளிக் கட்டிய கைப்பிடிச் சுவரின் உச்சியோ 19½ அடியில்தான் இருக்கிறது. ஆக, அது முழுவதும் விளிம்புக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தெருவில் நிற்பவருக்கு அதற்குப் பதிலாகத் தெரிவது பால்கனித் தளத்தின் அடிப்பாகம். அதை நான் அதுவரை வெறும் சாம்பல் நிறமாக விட்டு வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எதிர் வீட்டை மாடலில் வைத்துவிட்டுத்தான் கேமராவை வைக்கிறேன். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் பக்கச் சுவர்கள் உச்சியில் கூடிக் கோபுரம்போல் தெரியும் என்பதால், அதைத் தரைக்கு இணையாக வைத்து, லென்ஸை 13 மி.மீ. ஆக்கி, கேமராவைச் சாய்க்காமலே காட்சியை மேலே நகர்த்தும் Shift Y மதிப்பை ஏறத்தாழ 0.32 வரை உயர்த்துகிறேன். நீளவாக்கில் 1600க்கு 2000 என்ற அளவில் எடுத்தால் சாக்கடை மூடியிலிருந்து தளத்தின் விளிம்பு வரை முழு முகப்பும் அடங்கும். இவ்வளவு அகன்ற கோணத்தில் படத்தின் மேல் மூலைகள் இழுபட்டுத் தெரிவது உண்மைதான். அதைக் குறையாகச் சொல்பவர்களுக்காக, தெருவின் கீழ்ப்படியில் நின்று பக்கவாட்டாகப் பார்க்கும் இரண்டாவது படத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

அந்த இரண்டாவது படத்தில்தான் கிரில் சோதிக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்த, கிரிலை ஒளி ஊடுருவும் படமாக ஒரு தாளில் ஒட்டிப் பால்கனியில் நிறுத்தும் வழக்கம் உண்டு. நேராகப் பார்க்கும்போது அது போதும். தெருவின் நீளவாக்கில் பார்க்கும்போது நம் கிரில், அதன் பக்கத்துக் கிரில், அடுத்தடுத்த வீடுகளின் கிரில்கள் என்று தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸ் இத்தகைய ஊடுருவலை இயல்பாக எட்டு முறைதான் அனுமதிக்கிறது. அதைத் தாண்டிய இடங்கள் கறுப்புத் திட்டுகளாகிவிடும். Light Paths பகுதியில் Transparent எண்ணை உயர்த்தினால் கறுப்பு போய்விடும் என்றாலும், தாளுக்குத் தடிமன் கிடையாதே. நிஜக் கம்பிகள் சாய்ந்து பார்க்கையில் ஒன்றையொன்று மறைத்து மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வரும் தோற்றம் தாளில் வராது. ஆகவே 12 மி.மீ. சதுரக் கம்பி ஒன்றைச் செய்து, விளிம்புகளை ஒரு மி.மீ. அளவுக்கு மழுக்கி, Array மூலம் நான்கு அங்குல இடைவெளியில் அடுக்குகிறேன். மழுக்காத விளிம்பில் ஒளி பிடிக்காமல், கம்பி வரைந்த கோடுபோல் கிடக்கும்.

முன்பக்கப் படத்தில் அந்தக் கம்பி மூன்று நான்கு பிக்சல் அகலம் பெறுகிறது. அதையே பாதி அளவில் ரெண்டர் செய்தால் இரண்டு பிக்சல்கூட மிஞ்சாது. புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸர் அதைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிட, கம்பிகள் இடையிடையே அறுந்து தொங்கும். டீநாய்ஸரின் Passes என்ற இடத்தில் Albedo and Normal தேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், பெரிய அளவில் ரெண்டர் செய்து பிறகு சுருக்குவதும் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன. 2021 டிசம்பரில் 3.0 பதிப்போடு சைக்கிள்ஸின் வேகம் கூடிய பிறகுதான் இந்தப் பெரிய அளவு என் பழைய கணினிக்குக் கட்டுப்படியானது.

பனிமூட்டம் கேட்காத வாடிக்கையாளர் இங்கே அரிது. 11 அடித் தொலைவில் எந்த மூட்டமும் சுவரை மறைக்காது, பின்னால் தெரியும் சரிவுக்கு மட்டும் தொலைவுக்கேற்ப மூட்டம் சேர்க்க உதவும் Mist பாஸ் போதும் என்று சொல்லிவிடுகிறேன்.

வெயில் விஷயத்தில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. வடக்குப் பார்த்த வீடு ஒன்றின் முகப்பில் டிசம்பர் மாதக் காலை வெயிலை அள்ளிப் பூசி அனுப்பியிருந்தேன். ஊருக்கும் நேரத்துக்கும் ஏற்பச் சூரியனை நிறுத்தும் பிளெண்டரின் சன் பொசிஷன் ஆட்ஆன் Y அச்சின் நேர்த்திசையை வடக்காகக் கொள்கிறது. நாமோ முகப்பை Front காட்சியில் தெரியும்படி கட்டுவதால், அது எதிர்த்திசையை, அதாவது தெற்கைப் பார்த்தபடி அமைந்துவிடுகிறது. North Offset எண்ணை 180 பாகை ஆக்கிய பிறகுதான் உண்மை வந்தது. குன்னூர் ஏறத்தாழ 11.35 பாகை வட அட்சத்தில் இருப்பதால், செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து மார்ச் மூன்றாம் வாரம்வரை வடக்குச் சுவரில் நேர் வெயில் துளியும் படாது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே சாய்கிறது என்றாலும் உச்சியிலிருந்து 12 பாகைதான் விலகியிருக்கும். அந்நேரத்தில் மூன்றடி நீட்டிய தளம் 14 அடிக்கு நிழல் இறக்குவதால், பத்தடி மாடி ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ள தளத்தின் நிழலிலேயே மூழ்கிவிடுகிறது.

திருத்திய படத்தில் வாசல் இருண்ட பொந்துபோல் வந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வாசலுக்குத் தேர்ந்தெடுத்திருந்த கருஞ்சாம்பல் டைல்ஸை விட்டு வெள்ளைக்கு மாறினார். பால்கனியின் அடியில் ஒரு விளக்குக்கும் பாயின்ட் விடச் சொன்னார்.