“கட்டணம் இல்லை” என்று அனுப்பிய 500 டொலரில் 5,500 ரூபாய் போன கதை

கனடாவில் இருந்து காசு எடுக்கிற விசுவமடு, தர்மபுரம், புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆட்கள் இதை வாசித்துவிட்டு, அங்கே இருந்து அனுப்புகிறவர்களுக்கும் ஒருக்கால் காட்டுங்கள். கணக்கைப் பார்க்க வேண்டியது அனுப்புகிறவர்தான். ஆனால் குறைந்த காசை எண்ணி வாங்குகிறவர்கள் நாங்கள். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

காலபோக விதைப்புக்கு முன் உழவுக்கும் பசளைக்குமாகத் தம்பியிடம் காசு கேட்டிருந்தேன். அவன் ரொறன்ரோவில் ஒரு கடையால் அனுப்பினான். கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும் இல்லை. “அக்கா, 500 டொலர் போட்டிட்டன். பீஸ் ஒண்டும் எடுக்கேல்லை, முழுக்காசும் வரும்” என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டிருந்தான். அன்று கூகிளில் 1 CAD to LKR என்று அடித்துப் பார்த்தால் ஒரு டொலர் 216 ரூபாய். 500 டொலருக்கு 108,000. உழவு மெசின்காரருக்கும் பசளைக் கடைக்கும் அந்தக் கணக்கில்தான் நாள் சொல்லியிருந்தேன்.

கையில் கிடைத்தது 102,500 ரூபாய்.

தம்பியிடம் பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். மேலே பெரிய எழுத்தில் கட்டணம் 0.00 என்று இருந்தது. அதற்குக் கீழே, விரலால் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவில், மாற்று வீதம் 206 என்று இருந்தது. எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. சந்தையில் 216 போகிற டொலரைக் கடை 206 ரூபாய்க்கு எடுத்திருக்கிறது. டொலருக்கு 10 ரூபாய், 500 டொலருக்கு 5,000 ரூபாய். கனடாக் காசில் சொன்னால் 23 டொலர். கட்டணம் இல்லை என்று சொன்ன கடை, கட்டணம் என்ற பெயர் போடாமல் 23 டொலர் எடுத்துவிட்டது. மிச்சம் 500 ரூபாய் எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கூகிள் காட்டுகிற 216 சந்தையின் நடுவீதம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருப்பது. அந்த வீதத்தை அப்படியே எங்களுக்குத் தருகிற இடம் மிகக் குறைவு; அனுப்பித் தருகிறவரும் ஏதோ உழைக்கத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. 214 தந்தால் பேசாமல் வாங்கலாம். 206 தந்துவிட்டு, ஒன்றும் எடுக்கவில்லை என்று சொல்வதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். நடுவீதத்துக்கும் கடை தருகிற வீதத்துக்கும் உள்ள இந்த இடைவெளிதான் அவர்களுடைய உண்மையான வருமானம். கட்டணம் சீட்டில் கண்ணுக்குத் தெரியும், இடைவெளி அப்படித் தெரியாது. அதனால்தான் கட்டணத்தை விட்டுக்கொடுத்து இடைவெளியைப் பெரிதாக்குகிறார்கள்.

தம்பி ஏன் அந்தக் கடைக்குப் போனான் என்றும் சொல்ல வேண்டும். அங்கே முதல் தடவை அனுப்பியபோது கூகிளில் இருந்ததை விடவும் கூடுதலான வீதம் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் அனுப்பலுக்கு மட்டும், அதுவும் ஒரு குறித்த தொகை வரைக்கும் கொடுக்கிற சலுகை அது. பெரிய கம்பனிகளின் செயலிகளிலும் இதே பழக்கம் உண்டு. அடுத்த தடவை வழமையான வீதத்துக்கு இறக்கிவிடுவார்கள். இறக்கினோம் என்று ஒருவரும் தகவல் சொல்வதில்லை. தம்பி கேட்டபோது, “மார்க்கெட் விழுந்திட்டுது அண்ணை” என்றாராம் கவுண்டரில் இருந்தவர்.

இந்தப் பதிலை நம்பாதீர்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட நேரம் அமெரிக்க டொலர் 200 சொச்சத்தில் இருந்து சில வாரங்களில் 360 வரைக்கும் போனது. அப்போது காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. சந்தைதான் காரணம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் வீதம் குறைந்தால் எங்கள் ஆட்கள் சந்தையைத்தான் நினைக்கிறார்கள். கனடா டொலர் சாதாரண நாளில் ஏறி இறங்குவது ஒன்று, இரண்டு ரூபாய்க்குள். போன முறையை விட 10 ரூபாய் குறைவாகத் தந்தால், அந்த இரண்டு நாட்களின் நடுவீதத்தையும் எடுத்துப் பாருங்கள். நடுவீதம் அங்கேயே நிற்க, உங்களுக்குத் தந்தது மட்டும் குறைந்திருந்தால் கூட்டியது கடைதான். இலங்கை மத்திய வங்கியும் வேலை நாட்களில் தன் இணையத்தளத்தில் வீதங்களைப் போடுகிறது. அங்கே பார்க்கும்போது வாங்கும் வீதத்தைப் பாருங்கள். விற்கும் வீதம் நாங்கள் டொலர் வாங்கப் போனால் கொடுக்க வேண்டிய விலை, அதை வைத்து எங்களுக்கு வருகிற காசைக் கணக்குப் போட்டால் பிழைக்கும்.

சரி, கட்டணம் எடுக்கிற இடம் நல்லதா? தம்பியின் வேலையிடத்தில் உள்ள ஒருவர் பாவிக்கிற இன்னொரு சேவையை அன்றைக்கே பார்த்தோம். 6 டொலர் கட்டணம், வீதம் 214. கட்டணம் என்று கண்டவுடன் தம்பி வேண்டாம் என்றான். போனில் இருந்தபடியே இரண்டு பேரும் சேர்ந்து போட்டுப் பார்த்த கணக்கு இது. 500 டொலரில் கட்டணம் 6 போனால் 494. அதை 214 ஆல் பெருக்கினால் 105,716 ரூபாய். கட்டணம் இல்லாத கடையில் 500 ஐ 206 ஆல் பெருக்கினால் 103,000. கட்டணம் எடுத்த இடம் 2,716 ரூபாய் கூடத் தருகிறது. மாதாமாதம் இதே தொகை அனுப்புகிற வீட்டுக்கு வருடத்தில் 32,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு கட்டணம் எடுக்கிற இடம்தான் எப்போதும் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். அம்மாவின் மருந்துக்கு 100 டொலர் மட்டும் அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். 6 டொலர் போனால் 94, அது 20,116 ரூபாய். கட்டணம் இல்லாத கடையில் 100 டொலருக்கு 20,600. இங்கே அந்தக் கடைதான் 484 ரூபாய் கூடத் தருகிறது. 6 டொலர் என்பது 100 அனுப்பினாலும் 6, 1,000 அனுப்பினாலும் 6. வீத இடைவெளி அப்படி இல்லை. அனுப்புகிற ஒவ்வொரு டொலரிலும் பிடிக்கும், தொகை கூடக் கூட அதுவும் கூடும். இந்த இரண்டு இடங்களையும் எடுத்தால் கிட்டத்தட்ட 160 டொலரில் இரண்டும் சமமாக வருகிறது. அதற்குக் குறைவாக அனுப்பினால் கட்டணம் இல்லாத கடை, கூட அனுப்பினால் கட்டணம் எடுக்கிற இடம். கட்டணமும் வீதமும் மாறினால் இந்த 160 உம் மாறும், அதனால் இந்த எண்ணைப் பாடமாக்க வேண்டாம். கட்டணம் எடுக்கிற இடத்தில் 500 ஐ ஐந்து நூறாகப் பிரித்து அனுப்பினால் ஐந்து தடவையும் 6 போகும், கையில் வருவது 100,580 ரூபாய்தான். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பழகியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொரு இடத்திலும் கணக்குத் தடுமாறும். சில இடங்களில் கட்டணத்தை அனுப்புகிற தொகைக்குள்ளேயே கழிப்பார்கள், சில இடங்களில் அதற்கு மேலே வாங்குவார்கள். 500 அனுப்ப 506 கட்டச் சொல்லுகிற இடத்தையும், 500 கட்டி 494 போகிற இடத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் தம்பிக்கு ஒரே ஒரு கேள்விதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: “என்ரை கையிலை இருந்து மொத்தமா 500 டொலர்தான் போகும், அக்காவின்ரை கையிலை எத்தனை ரூபாய் விழும்?” இதை ஒரே நாளில், ஒரே நேரத்தில், குறைந்தது இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். ரூபாய்த் தொகையைச் சொல்லாமல், “அங்கை போனாப் பிறகுதான் தெரியும்” என்று சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வீதத்தை அனுப்பும்போதே நிறுத்திவைக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

வங்கியில் இருந்து வங்கிக்கு நேராகப் போடுவதிலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. அனுப்புகிற படிவத்தில் செலவு யாருடையது என்று OUR, SHA, BEN என மூன்று தெரிவுகள் இருக்கும். OUR போட்டால் செலவு அனுப்புகிறவருடையது. SHA போட்டால் நடுவில் காசைக் கடத்திவிடுகிற வங்கி தன் பங்கைக் கழித்துக்கொள்ளலாம், கிளிநொச்சியில் உள்ள எங்கள் வங்கியும் தன் கட்டணத்தைக் கழிக்கலாம். BEN போட்டால் முழுச் செலவும் வாங்குகிறவர் தலையில். அத்தோடு காசு டொலராகவே இங்கே வந்து சேர்ந்தால், அதை எந்த வீதத்தில் ரூபாயாக்குவது என்பதை இங்குள்ள வங்கிதான் தீர்மானிக்கும். பெரிய தொகைக்கு வங்கி சரி வரலாம். 200, 300 டொலருக்கு இந்தக் கழிவுகள் கட்டுப்படியாகாது.

இனி அந்த 500 ரூபாய். காசு எடுக்கப் போன முகவர் கடையில் என் அடையாள அட்டையையும் பரிமாற்ற இலக்கத்தையும் வாங்கி, படிவத்தில் கையெழுத்தும் எடுத்துவிட்டு 102,500 ஐ எண்ணி வைத்தார்கள். படிவத்தில் 103,000 என்று தெளிவாக இருந்தது. கேட்டேன். “அக்கா, அது எங்கடை சேவைக் காசு, எல்லாரிட்டையும் எடுக்கிறதுதான்” என்றார் அந்தப் பெடியன். எனக்குப் பின்னால் வரிசையில் வயதான ஒரு அம்மா நின்றார். அவரும் ஒன்றும் கேட்காமல் குறைத்துத்தான் வாங்கிப் போயிருப்பார் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. காசை எடுத்துக் கொடுப்பதற்கு முகவருக்குக் கம்பனி தரகு கொடுக்கிறது. படிவத்தில் உள்ள தொகைதான் எங்களுக்கு உரியது, அதற்குக் குறைத்துத் தர அவருக்கு உரிமை கிடையாது. எண்ணி முடிக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். குறைத்தால் படிவத்தைப் படம் பிடித்து, அனுப்பியவருக்கு அங்கேயே நின்று அனுப்புங்கள். முறைப்பாட்டை அவர் அந்தப் பரிமாற்ற இலக்கத்தோடு கம்பனிக்குக் கொடுக்க வேண்டும். காசு கட்டிய வாடிக்கையாளர் அவர்தான், எங்கள் பேச்சை விட அவருடைய பேச்சு அங்கே எடுபடும்.

தம்பி அப்படித்தான் செய்தான். முகவர் கடையில் இருந்து என்னைக் கூப்பிட்டு 500 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். வீதத்தில் போன 5,000 திரும்பவில்லை. 206 என்று அச்சடித்த சீட்டில் தம்பியின் கையெழுத்து இருக்கிறது, அதனால் தாங்கள் ஒன்றும் மறைக்கவில்லை என்பது கடையின் பதில். பசளைக் கடையில் மிச்சத்தை அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.